பூனைக்கு வைத்த பத்தியம்

பஞ்சு மில்லின் நீண்ட மதில் முடிகிற இடத்தில் ஒருதரம் திரும்பிப் பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் புளியமர நிழலாகப் பார்த்து நடந்தேன். டவுன் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. "ஏறுதியா, இல்ல நடந்தே ஊரை அளக்கப் போறியா?" என்றார் கண்டக்டர். கையை ஆட்டி அனுப்பிவிட்டேன். வயிறு நிறைய கருவாட்டுக் குழம்பும் சோறும். நகக்கண்ணெல்லாம் மண். காலையில் ஒரு பூனைக்குக் குழி வெட்டிய மண். சோறும் மண்ணும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை.

அந்த வீடு இராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றோடு ஒட்டியிருந்தது. வீட்டுக்காரம்மாளின் கொல்லைப் பக்கக் கொட்டகையைத்தான் கம்பெனிக்காரர் வாடகைக்கு எடுத்திருந்தார். பிளவக்கல் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு இருந்து, அதுவும் அலுத்துப்போய் இறங்கி வந்த நான், அங்கே வெளுத்த துணியைக் காயப்போடுவது, உருட்டிய கட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்குவது என்று ஒட்டிக்கொண்டேன். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அது நல்ல வேலைதான். ராத்திரி துணிமூட்டை மேலேயே தூக்கம். எலி துணியைக் கடித்துவிடாமல் இருக்க அங்கே ஒரு பூனை இருந்தது. வெள்ளையில் சாம்பல் திட்டு. கொட்டகை வருவதற்கு முன்பிருந்தே வீட்டுப் பூனை அது. கம்பெனிக்காரர் அதையும் வாடகையோடு சேர்த்து எடுத்துக்கொண்டதாகச் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்காரம்மாளை அக்கா என்றே கூப்பிட்டேன். ஐம்பது வயது இருக்கும். புருஷன் மில்லில் பிட்டராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து செத்துப்போயிருந்தார். பிள்ளை இல்லை. பூனையை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். "ஏட்டி, எங்க போய்ச் சுத்திட்டு வாரே?" என்றால் அது பதில் சொல்வதுபோல ஒரு குரல் கொடுக்கும்.

அந்தப் பூனை தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது ஒரு கோடையில். துணி அலசும் தொட்டியின் விளிம்பிலேயே குந்தியிருக்கும். நாக்கு ஓயாது. குடிப்பதற்கு ஏற்ப அங்கங்கே மூத்திரம். வெயில் காலம்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு முதுகெலும்பு தட்டுப்பட்டது. எலி கண்ணெதிரே போனாலும் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. வாயைத் திறந்தால் மூத்திர வாடை. அந்த வாடையை அக்காவுக்கு முன்பே தெரியும். முகர்ந்து பார்த்ததும் எழுந்துபோய் வெங்காயக் கூடையைக் காலி செய்தார்.

மாட்டாஸ்பத்திரியில் சினை பார்க்க வந்த பசுக்களுக்கும் சங்கிலி கட்டிய நாய்களுக்கும் நடுவே நாங்கள் கூடையோடு நின்றோம். டாக்டர் வயதானவரில்லை, பொறுமைசாலி. காலில் கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சின்னக் குப்பியில் ஊற்றி, கடைத்தெருவில் மனுஷருக்கு ரத்தம் பார்க்கும் லேபுக்கு அனுப்பினார். நான்தான் கொண்டுபோனேன்.

"பேசண்டுக்கு என்ன வயசு?" என்றான் லேபில் இருந்தவன்.

"பன்னெண்டு இருக்கும்."

"சின்னப் பிள்ளையா? என்ன படிக்கு?"

"படிக்கல. எலி பிடிக்கு."

அவன் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிறகு பரிசோதித்துக் கொடுத்தான். யூரியாவும் கிரியேட்டினினும் ஏறிக் கிடந்தன. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "கிட்னி போச்சும்மா. திரும்ப வராது. சாப்பாட்டை ஒழுங்கு பண்ணினா கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்று ஆரம்பித்தார்.

"தெரியும் டாக்டர். எங்க வீட்ல அவியளுக்கும் அதான். பத்தியம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அக்கா.

வெளியே ஒரு காளை கத்திக்கொண்டிருந்தது. டாக்டர் தலையசைத்துவிட்டு அங்கே போனார்.

அன்றிலிருந்து அக்கா அந்தப் பூனைக்குச் செய்ததெல்லாம் புருஷனுக்குச் செய்தவைதான். அதை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். பச்சரிசியை உப்பில்லாமல் குழையவிட்ட கஞ்சி. காய்களைச் சின்னதாக நறுக்கி, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, சக்கையைக் கஞ்சியில் பிசைவார். கறி, மீன் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பலகை போட்டு மூடச் சொன்னார். பூனையின் கிண்ணத்தை எடுத்து அலமாரியில் கவிழ்த்துவிட்டு, காலையில் ஒரு பாட்டில் மூடி, சாயங்காலம் ஒரு மூடி என்று தண்ணீரை அளந்து வைத்தார். கால் வீங்கிக் கிடந்த புருஷனுக்கு டம்ளரில் கோடு கிழித்து அளந்த கை அது. துளி சிந்தாது.

கட்டு உருட்ட வரும் பெண்களுக்கு இது வேடிக்கை. "பூனைக்குப் பத்தியம் வச்ச ஊரு நம்ம ஊருதான்டி" என்றாள் ஒருத்தி. "பொறவு மாத்திரை போட்டு மெத்தையில படுக்க வைப்பாக, பாரேன்." அக்கா காதில் விழுந்தது. கஞ்சியைப் பிசைந்துகொண்டிருந்தார்.

பூனை கஞ்சியை நக்கிப் பார்த்து விலகியது. நாலைந்து நாளில் எழுந்து நிற்கவே தள்ளாடியது. மூடிய தொட்டிக்கு அடியில், பலகை இடுக்கில் கசிந்த ஈரத்தை நக்கிக்கொண்டு கிடந்தது. திரும்பவும் கூடையில் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் அதன் பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். தோல் அப்படியே கூடாரம்போல நின்றது. இறங்கவில்லை.

"தண்ணி குடிக்குதாம்மா?"

"அளந்துதான் டாக்டர் வைக்கேன். மூடியில."

"அளந்தா? எதுக்கு அளந்து?"

"கிட்னிக்குத் தண்ணி சேரக் கூடாதுல்லா? அவியளுக்குக் கால் வீங்குதுன்னு அளந்துதான குடுத்தேன்."

டாக்டர் கையைக் கழுவப் போனவர் திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்தரம்.

"அம்மா, அவுகளுக்கு மூத்திரம் இறங்கல, உடம்பு வீங்குச்சு. அதான் தண்ணியை அளந்தாங்க. இதுக்கு நேர்மாறு. கிட்னியால தண்ணியை நிறுத்தி வைக்க முடியல. எல்லாம் மூத்திரமாப் போயிருது. அதான் தொட்டிமேல குந்திக்கிட்டு இருந்துச்சு. நாலு இடத்துல தண்ணி வைங்க. எம்புட்டு வேணாலும் குடிக்கட்டும்."

அக்கா கூடையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். டாக்டர் மனுஷருக்கு ஏற்றும் சலைன் பாட்டில் ஒன்றை ஆணியில் மாட்டி, ஊசியைப் பூனையின் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஏற்றினார். தண்ணீர் மூட்டைபோல ஒரு வீக்கம் எழும்பி, மெதுவாக ஒரு பக்கமாகச் சரிந்தது.

பிறகு சாப்பாட்டைச் சொன்னார். பூனை கறி தின்கிற ஜாதி, கஞ்சியில் உயிர் பிடிக்காது. கறி வேண்டும், ஆனால் பாஸ்பரஸ் குறைவாக இருக்க வேண்டும். எலும்பிலும் முள்ளிலும் ஈரலிலும் பாலிலும் முட்டை மஞ்சள்கருவிலும் அது அதிகம். நல்ல கிட்னி மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போனது தள்ளாது. ரத்தத்தில் தங்கி, இருக்கிற கொஞ்ச கிட்னியையும் அரிக்கும். ஆகவே எலும்பில்லாத கோழிக்கறியை வேகவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சக்கையைக் கொடுக்க வேண்டும். முட்டையின் வெள்ளை, கொஞ்சம் சோறு. கோழிக்கறியும் வெள்ளைக்கருவும் மட்டுமே வருஷக்கணக்கில் ஓட்ட முழுச் சாப்பாடு ஆகாது, சத்து மருந்து ஊசி அவ்வப்போது போடவேண்டும் என்றார். வெளிநாட்டில் இதற்கென்றே டப்பாவில் தீவனம் விற்கிறதாம். இங்கே எங்கே போக?

"கருவாடு?" என்று நான் கேட்டேன். அந்தப் பூனைக்கு நெத்திலிக் கருவாடு என்றால் உயிர். வீட்டில் கருவாடு வாங்குவது எப்போதோ நின்றுபோயிருந்தது. கட்டு உருட்டும் பெண்கள் தூக்குவாளியில் கொண்டுவந்தால் அதிலிருந்து ஆளுக்கு ஒன்று வீசுவார்கள்.

"அது ரெண்டு வினை. முள்ளோட திங்கும், உப்பும் ஜாஸ்தி. தொடக்கூடாது" என்றார் டாக்டர்.

அக்கா முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது. கூடாது என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

தண்ணீரை வடித்துக் கொட்டுவதில் அவருக்குப் பழக்கம் உண்டு. கோழி வெந்த தண்ணீரைச் சாக்கடைக்குக் கொண்டுபோவதைப் பார்த்து எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வாங்கி, உப்பும் மிளகும் போட்டு நானே குடித்தேன். அந்த மாதங்களில் குடித்த அளவுக்குக் கோழிச்சாறு அதற்கு முன்னும் பின்னும் நான் குடித்ததில்லை.

பூனை தேறியது. தண்ணீர்தான் பாதி வைத்தியம். கறிச் சக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அடுத்ததாக டாக்டர், சாப்பாட்டில் இருக்கிற பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகிற மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். அலுமினியம் சேர்ந்தது, வயிற்றெரிச்சலுக்கு மனுஷர் குடிக்கிற மருந்தின் வகை. சாப்பாட்டோடு கலந்தால்தான் வேலை செய்யும், வெறும் வயிற்றில் கொடுத்தால் வீண் என்று இரண்டு தரம் சொன்னார். மருந்துக்கடையில் தனியாக அது இல்லை. இதுவும் அதே சாமான்தான் என்று புதினா வாடை அடிக்கும் கூழ்மருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள்.

அக்கா அதைக் கோழிக்கறியில் பிசைந்து வைத்தார். பூனை ஒரு வாய் தின்றது. வாயில் நுரை தள்ளியது. பின்பக்கமாகவே நடந்து சுவரில் முட்டியது. அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு கோழிக்கறி என்றாலே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. மருந்து கலக்காத கறியை வைத்தாலும் மோந்துபார்த்து, உதட்டை நக்கி, மண்ணைப் பறித்து மூடுவதுபோலத் தரையைப் பிறாண்டிவிட்டுப் போனது.

"மருந்தைக் கறிமேல பழி போட்டுருச்சு" என்றார் டாக்டர். பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, "இதுல மெக்னீசியம் வேற கிடக்கு, கிட்னிக்கு ஆகாது. தனி அலுமினியப் பவுடர் மதுரையில கிடைக்கும், அதுக்கு வாசனை இல்ல. ஆனா இப்ப மருந்தே வேண்டாம். முதல்ல திங்கட்டும்" என்றார். குமட்டலுக்கு ஊசி போட்டார். சின்னப் பிள்ளைகளுக்குப் பசி எடுக்கக் கொடுக்கிற மாத்திரையை நாலாக ஒடித்து ஒரு துணுக்கைத் தொண்டைக்குள் தள்ளினார். சாப்பாட்டை வெதுவெதுப்பாக வைக்கச் சொன்னார். ஆறிப்போனால் மணம் வராது, மணம் இல்லாமல் பூனை தின்னாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலதரம் வைக்க வேண்டும். தின்னாவிட்டால் தட்டை உடனே எடுத்துவிட வேண்டும், முன்னாலேயே கிடந்தால் இன்னும் குமட்டும். வாயைத் திறந்து திணிக்கக் கூடாது.

ஊசிக்கும் மாத்திரைக்கும் பிறகும் அது தின்னவில்லை. மறுதரம் போனபோது டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார்.

"பத்தியம் ரெண்டாவதும்மா. முழுப் பட்டினி கிடந்தா பூனைக்கு ஈரலும் கெட்டுரும். எதையாவது தின்னாச் சரி. முன்னாடி எதை ஆசையாத் தின்னும்?"

அக்கா கூடைப் பக்கம் குனிந்துகொண்டார். நான், "நெத்திலி" என்றேன்.

"வெந்நீர்ல ஊற வச்சு, நாலு தண்ணி மாத்தி, தலையையும் முள்ளையும் எடுத்துட்டு ஒரு துணுக்கு காட்டிப் பாருங்க."

"தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?" அக்காவின் குரல் உயர்ந்தது. பக்கத்தில் கன்றுக்குட்டியைப் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னேன். இப்பவும் அது நல்லதில்ல. ஆனா திங்காம சாகிறதுக்கு, தின்னுட்டுக் கொஞ்ச நாள் இருக்கலாம்லா?"

அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பிக் கேட்டார்: "மனுசருக்கும் அப்படித்தானா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடினார். "அது எனக்குத் தெரியாதும்மா. நான் மாட்டு டாக்டர்."

வருகிற வழியில் வெயிலில் அக்காவே பேசினார். கடைசி மாசம் புருஷன் கருவாட்டுக் குழம்பு கேட்டாராம். தினமும் கேட்டாராம். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, வைக்கிற கஞ்சியைத் தொடாமலே கிடந்தாராம். "நான் அசையலயே. ஒரு நாள் தப்பல, தம்பி. பெரியாஸ்பத்திரியில நர்சம்மா சொல்லுச்சு, ஒன்ன மாதிரிப் பத்தியம் காக்க ஆள் வேணும்னு." கூடைக்குள் பூனை அசங்காமல் கிடந்தது. நான் கூடையைக் கேட்டேன். கொடுக்கவில்லை.

இரண்டு நாள் அக்கா வெள்ளைக்கருவோடு மல்லாடினார். சுடவைத்து வைப்பார், எடுப்பார், திரும்பச் சுடவைப்பார். கருவாட்டைப் பற்றி நானும் பேசவில்லை. பேசியிருந்தால் என் மூட்டை தெருவுக்கு வந்திருக்கும். மூன்றாம் நாள் காலையில் கருவாட்டுக்காரி தலைக்கூடையோடு தெருவில் குரல் கொடுத்துப் போனாள். கழிவுத்துணிக் குவியலில் செத்ததுபோலக் கிடந்த பூனை தலையைத் தூக்கியது. இரண்டு காதும் வாசல் பக்கம் திரும்பின. எழுந்திருக்கப் பார்த்து, முன்னங்கால் மடங்கி விழுந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கருவாட்டுக்காரி தெருமுனைக்குப் போய்விட்டாள். குரல் தேய்ந்துகொண்டே போனது.

"ஏலே, அவளைக் கூப்பிடு" என்றார்.

ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். ஒரு கைப்பிடி வாங்கினார். வெந்நீரில் போட்டார், வடித்தார், திரும்பப் போட்டார். டாக்டர் நாலு தண்ணி என்றார், அக்கா அதற்கும் மேலே மாற்றினார். தலையைக் கிள்ளி, நடுமுள்ளை உருவி, நூல்போலக் கிழித்து, சூடான வெள்ளைக்கருவின் மேலே தூவினார். தட்டைப் பூனையின் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

அது தின்றது. முதலில் மேலே கிடந்த நெத்திலியை நக்கி எடுத்தது. பிறகு வெள்ளைக்கருவையும். தட்டு தரையில் உராயும் சத்தம் கேட்டது. கட்டு உருட்டுகிற பெண்கள் கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, "ஆத்தாடி, தின்னுட்டா!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டது. அவர் முகம் அப்படி இருந்தது. எழுந்து உள்ளே போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்துத் திரும்பக் கழுவ ஆரம்பித்தார். அன்று முழுக்க அந்தச் சத்தம்தான்.

மதுரைக்குத் துணி ஏற்றிப்போன லாரிக்காரர் பவுடரை வாங்கிவந்தார். பூனை ஒழுங்காகத் தின்னத் தொடங்கி ஒரு வாரம் கழித்துத்தான் அதைச் சேர்த்தோம். முதலில் நகத்தில் ஒட்டுகிற அளவு, பிறகு கொஞ்சம் கூட. மலம் இறுகினால் குறைத்தோம். நெத்திலி நூல் நாளுக்கு நாள் குறைந்தது. அதன் வாசனைக்காகவே வெள்ளைக்கரு உள்ளே போயிற்று, பிறகு பழைய பகையை மறந்து கோழிக்கறியும் போயிற்று. ஆடியில் தொடங்கிய பத்தியம் தை தாண்டியது. ஒருநாள் ஒரு எலியைக்கூடப் பிடித்தது. அக்கா அதைப் பிடுங்கி எறிந்தார். "எலும்பு ஆகாதுட்டி ஒனக்கு" என்றார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மாசி கடைசியில் திரும்ப எல்லாம் நின்றது. இந்தத் தடவை நெத்திலிக்கும் காது திரும்பவில்லை. டாக்டர் தோலைக் கிள்ளிப் பார்த்தார், வாயைத் திறந்து புண்ணைப் பார்த்தார். "இனி தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். இரண்டு நாள் கழித்துக் கழிவுத்துணி மேலேயே விறைத்துக் கிடந்தது. கொல்லையில் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் நான் குழி வெட்டினேன். அக்கா ஒரு முழம் புது பேண்டேஜ் துணியைக் கேட்டு வாங்கிச் சுற்றிக் கொடுத்தார். கம்பெனிக்காரர் அதைக் கணக்கில் எழுதவில்லை.

கை கழுவிவிட்டு வந்தபோது வீட்டுக்குள் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வாசனை. இலை போட்டிருந்தது.

"உக்காரு தம்பி."

உட்கார்ந்தேன். சோற்றைக் குவித்து, நடுவில் பள்ளம் பறித்து, குழம்பை ஊற்றினார். எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நான் தின்பதைப் பார்த்தார். பூனையைப் பார்த்த அதே பார்வை. ஒவ்வொரு கவளத்தையும் கண்ணாலேயே வாய்வரை கொண்டுவந்தார். இலை காலியாகுமுன் திரும்ப வைத்தார். போதும் என்று நான் கையால் இலையை மறைக்கவில்லை. மறைக்க முடியவில்லை.

"அவியளுக்கு ஒரு வாய் குடுத்திருக்கலாம்லா?" என்றார்.

"தெரியலக்கா."

"தெரியாதுதான்." குழம்புச் சட்டியைக் கிளறினார். "இனி வெளிய திங்காத. தினமும் இங்கயே சாப்பிடு. ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு, வச்சித் தாரேன்."

சரி என்றுதான் சொன்னேன். கொட்டகைக்குப் போய், என் இரண்டு சட்டையையும் போர்வையையும் சுருட்டினேன். பசியோடு எத்தனையோ இடத்தை விட்டுப் போயிருக்கிறேன். ஒருவர் நான் தின்பதைத் தினமும் அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்க என்னால் ஆகாது என்று தோன்றியது. வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்க்கா" என்றேன். அவர் இலையை மடித்துக்கொண்டிருந்தார். "எங்க?" என்று கேட்கவில்லை.

பொழுது சாய ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தது. மடவார் வளாகத்தில் கோயில் குளத்துப் படியில் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் வேலை தேடிக் கிளம்பி, முதலில் கேட்ட இடத்திலேயே கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மெஸ். பரிமாற வந்தவன் நின்றுவிட்டானாம். இரண்டு வேளைச் சோறு, கொஞ்சம் கூலி. முதலாளி தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, "பார்சலுக்கு நில்லு" என்றார்.

முதலில் வந்தது ஒரு பெண். கையில் தூக்குவாளி. "அண்ணே, உப்பில்லாம வெறும் சோறு கிடைக்குமா? அவியளுக்கு."

"வடிச்சுவச்ச சோறு இருக்கு. ஆறிப்போச்சே" என்று உள்ளிருந்து சொன்னார்கள்.

"பரவால்ல. குடுங்க. அவிய எப்படியும் திங்க மாட்டாக."

தூக்குவாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். சோற்றை ஒரு சட்டியில் அள்ளி, கொஞ்சம் வெந்நீர் தெளித்து, மூடி, அடுப்பில் வைத்தேன். "கூட்டம் நிக்குடா" என்று முதலாளி கத்தினார். ஆவி கிளம்பி மணம் வரும்வரை அங்கேயே நின்றேன்.